கோடு எங்கே தொடங்குகிறது?

திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஆண்டுதோறும் தனது உண்டியல் வருவாய் விவரத்தை வெளியிடுகிறது. அந்த விவரங்களின்படி, 2021-ஆம் ஆண்டில் உண்டியல் காணிக்கை ஏறத்தாழ 833 கோடி ரூபாய். 2022-இல் அது ஏறத்தாழ 1,450 கோடியாகவும், 2023-இல் 1,400 கோடி அளவிலும், 2024-இல் சுமார் 1,365 கோடியாகவும் இருந்தது. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் புள்ளிகளாக வைத்துக் கோட்டால் இணைப்போம்.

இனி இருவர் இந்தக் கோட்டைப் பற்றிப் பேசுவதாகக் கொள்வோம். முதலாமவர் 2021-இல் தொடங்குகிறார். “மூன்றே ஆண்டுகளில் காணிக்கை 64 சதவீதம் உயர்ந்துவிட்டது” என்கிறார். இரண்டாமவர் முதல் புள்ளியை மட்டும் கையால் மறைத்துவிட்டு 2022-இலிருந்து பார்க்கிறார். “இரண்டு ஆண்டுகளாகக் காணிக்கை இறங்குமுகம்; ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்துள்ளது” என்கிறார். இருவரும் ஒரே எண்களையே காட்டுகின்றனர். இருவருடைய கணக்கிலும் பிழையில்லை. ஆயினும் ஒருவருடைய கோடு மேல்நோக்கியும் மற்றவருடையது கீழ்நோக்கியும் செல்கின்றன. வேறுபாடு ஒன்றே: கோடு தொடங்கும் ஆண்டு.

உண்மையில் நடந்தது என்ன? பெருந்தொற்றை முன்னிட்டு 2020 மார்ச் 20 முதல் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. ஜூன் மாதத்தில்தான், அதுவும் வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில், மீண்டும் அனுமதி தொடங்கிற்று. 2021-ஆம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரு கோடியே நான்கு லட்சம் பக்தர்களே தரிசனம் செய்தனர். அடுத்த ஆண்டில் அந்த எண்ணிக்கை இரண்டு கோடியே முப்பத்தேழு லட்சத்தைத் தொட்டது. ஆகவே 2021 என்பது வழக்கமான ஆண்டு அன்று. அது ஒரு பள்ளம். தொற்றுக்கு முன்னரே உண்டியல் வருவாய் ஆண்டுக்கு ஆயிரம் கோடியைக் கடந்திருந்தது. 64 சதவீத உயர்வில் பெரும்பகுதி, பள்ளத்திலிருந்து பழைய தரைமட்டத்திற்கு ஏறிவந்த தொலைவே. மறுபுறம், 2022-ஐத் தொடக்கமாகக் கொள்பவர் அந்த நான்கு புள்ளிகளில் மிக உயரமானதைத் தேர்ந்தெடுக்கிறார். உச்சியிலிருந்து எங்கு நோக்கினும் இறக்கமே தெரியும்.

கோவில் உண்டியலின் ஏற்ற இறக்கம் நம் குடும்பச் செலவைப் பாதிப்பதில்லை. ஆனால் இதே முறையில் வரையப்பட்ட கோடுகளை நம்பிப் பயிர் வைக்கவும் சேமிப்பை இடம் மாற்றவும் நேரும்போது நிலைமை வேறாகிறது.

தொடக்கப் புள்ளிக்கு ஏன் இத்தனை வலிமை?

வளர்ச்சி விகிதம் என்பது இரண்டே எண்களைக் கொண்டு கணக்கிடப்படுவது. இறுதி எண்ணைத் தொடக்க எண்ணால் வகுக்கிறோம்; இடையிலுள்ள எதுவும் விடையில் சேர்வதில்லை. எனவே தொடக்க எண் பாதியாகக் குறைந்தால், இறுதி எண் இரட்டிப்பானதற்கு இணையான விளைவு உண்டாகும். எனினும், நம் கண் கோட்டின் வலது முனையையே நாடுகிறது. “இன்றைய விலை என்ன?” என்று கேட்பவர் பலர்; “அன்று அந்த விலை ஏன் அவ்வாறு இருந்தது?” என்று கேட்பவர் சிலரே. தொடக்க நாளைத் தேர்ந்தெடுப்பவருக்கு நம்முடைய இந்தப் பழக்கமே துணை செய்கிறது.

வரைபடங்கள் பலவற்றில் தொடக்க நாளின் மதிப்பை 100 என வைத்து வரைவது வழக்கம். ஒப்பிடுவதற்கு அது வசதியான முறைதான். ஆனால் அவ்வாறு வரைந்தவுடன், அந்த முதல் நாள் உச்சியா, பள்ளமா, சமதளமா என்னும் செய்தி தாளிலிருந்தே மறைந்துவிடுகிறது. எல்லாத் தொடக்கங்களும் 100 என்ற ஒரே உயரத்தில் நிற்கும்.

மதனப்பள்ளித் தக்காளியும் இரண்டு மாதக் கோடும்

2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளி, நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று. 2023-ஆம் ஆண்டின் கோடையில் தக்காளி மலிந்து கிடந்தது. மொத்த விலை கிலோவுக்குப் பத்து, பதினைந்து ரூபாய் அளவிலேயே இருந்தது. ஜூன் பிற்பகுதியில் ஏறத் தொடங்கிய விலை, ஜூலை இறுதியில் முதல் தரக் காய்க்குக் கிலோ 200 ரூபாயை நெருங்கிற்று. நாடெங்கும் நாளிதழ்களில் அந்தச் செய்தி இடம்பெற்றது.

ஜூலை இறுதியில் ஒருவர் மே முதல் அன்றுவரையிலான விலைக் கோட்டை வரைந்தால், அது ஏறக்குறைய செங்குத்தாக எழும். அதைக் கண்ட விவசாயி ஒருவர் நகையை அடகு வைத்து நாற்று வாங்கி நடுகிறார் என்று கொள்வோம். நட்ட நாளிலிருந்து முதல் பறிப்புக்கு இரண்டு முதல் இரண்டரை மாதங்கள் ஆகும். ஆகவே அவருடைய காய் சந்தைக்கு வருவது செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோதான். செப்டம்பருக்குள் விலை பத்து ரூபாய்க்கும் கீழே சரிந்து, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் காயைச் சாலையோரம் கொட்டியவர்கள் உண்டு. அந்தக் கோட்டில் எந்த எண்ணும் பொய்யில்லை. அது தொடங்கிய மாதம்தான் தவறான பாடத்தைக் கற்பித்தது.

இங்கே செயல்படுவது பருவம். காய்கறி விலை ஆண்டுக்குள்ளேயே ஏறி இறங்கும் இயல்புடையது. மலிவான மாதத்தில் தொடங்கி அருமையான மாதத்தில் முடித்தால் எந்த ஆண்டிலும் ஏறுமுகக் கோடு ஒன்றை வரையலாம். மாதங்களை மாற்றி வைத்தால் இறங்குமுகக் கோடும் கிடைக்கும். இத்தகைய பொருள்களில் ஜூலையை ஜூலையோடும் அக்டோபரை அக்டோபரோடும் ஒப்பிடுவதே முறை. அந்த விவசாயி அறிய வேண்டியிருந்தது ஜூலையின் விலையை அன்று. கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் அக்டோபர் மாத விலை எவ்வாறு இருந்தது என்பதையே.

ஒரே மாதத்தில் உயர்ந்த “ஐந்தாண்டு வருவாய்”

இதுவரை கண்ட இரு எடுத்துக்காட்டுகளிலும் தொடக்க நாளை ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார். யாரும் தேர்ந்தெடுக்காமலேயே தொடக்க நாள் கோட்டைப் புரட்டிவிடுவதும் உண்டு. சேமிப்பாளர்கள் இதனைத் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம்.

மியூச்சுவல் ஃபண்டு விளம்பரங்களில் விருப்பம்போல் காலத்தைப் பொறுக்கிக் காட்டக்கூடாது என்பதற்காகவே, கடந்த ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு, தொடங்கிய நாள் முதல் என்னும் நான்கு கால அளவுகளிலும் வருவாயைக் காட்ட வேண்டும் என்று செபி விதித்துள்ளது. பக்கத்திலேயே ஒப்பீட்டுக் குறியீட்டெண்ணின் வருவாயும் இடம்பெற வேண்டும். இது நல்ல விதி. எனினும், ஐந்தாண்டு என்று கால அளவு உறுதியானாலும், தொடக்க நாள் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதம் முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். அவ்வாறு நகரும் தொடக்கம் ஒரு பள்ளத்தில் விழும்போது என்ன ஆகிறது என்பதைச் சென்செக்ஸ் எண்களைக் கொண்டு காண்போம்.

2020 ஜனவரி நடுவில் சென்செக்ஸ் 41,952 வரை உயர்ந்திருந்தது. பெருந்தொற்று அச்சத்தில் மார்ச் 23 அன்று 25,981-க்குச் சரிந்தது. மாத இறுதிகளை எடுத்துக்கொண்டால், பிப்ரவரி இறுதியில் 38,297. மார்ச் இறுதியில் 29,468.

இனி ஐந்தாண்டுகள் கழித்துப் பார்ப்போம். 2025 பிப்ரவரி இறுதியில் சென்செக்ஸ் 73,198. அன்று ஐந்தாண்டு வருவாயைக் கணக்கிட்டால், 38,297 என்பது 73,198 ஆகியிருக்கிறது. ஆண்டுக்குக் கூட்டு வளர்ச்சி 13.8 சதவீதம். அடுத்த மாத இறுதியில் சென்செக்ஸ் 77,415. இப்போது ஐந்தாண்டுக்கு முந்தைய எண் 29,468. கூட்டு வளர்ச்சி ஆண்டுக்கு 21.3 சதவீதம்!

அந்த ஒரு மாதத்தில் சந்தை உயர்ந்ததோ 6 சதவீதத்திற்கும் குறைவு. ஆனால் “ஐந்தாண்டு வருவாய்” 13.8-லிருந்து 21.3-க்குத் தாவிவிட்டது. இன்றைய சந்தையில் நிகழ்ந்த எதுவும் இதற்குப் பெருங்காரணம் அன்று. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு வீழ்ச்சி, கணக்கின் உள்ளே இருந்த நிலைமாறி அதன் தொடக்கமாகிவிட்டது, அவ்வளவே.

பணிக்கொடையாகப் பத்து லட்சம் ரூபாய் பெற்ற ஒருவர் 2025 ஏப்ரலில் அந்த 21.3 சதவீதத்தைப் பார்த்து, ஐந்து ஆண்டில் தொகை 26 லட்சத்தைத் தாண்டும் என்று எண்ணி மகளின் திருமணத்துக்கோ வீடு கட்டுவதற்கோ திட்டமிட்டால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 13 சதவீதம் கிடைத்தாலும் அவர் கைக்கு வருவது 18 லட்சத்து சொச்சமே. எதிர்பார்த்ததற்கும் கிடைப்பதற்கும் இடையே ஏறக்குறைய எட்டு லட்ச ரூபாய் இடைவெளி. அந்த 13 சதவீதமும் உறுதியளிக்கப்பட்டதன்று.

ஒரு கோட்டுக்குப் பதில் ஆறு கோடுகள்

இத்தகைய எண்ணைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கால அளவை அப்படியே வைத்துக்கொண்டு தொடக்க ஆண்டை மட்டும் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பதே அது. சென்செக்ஸின் மார்ச் இறுதி எண்களைக் கொண்டு ஆறு ஐந்தாண்டுக் காலங்களைக் கணக்கிட்டோம். ஈவுத்தொகை இதில் சேர்க்கப்படவில்லை.

2015 முதல் 2020 வரை: ஆண்டுக்கு 1.1 சதவீதம்
2016 முதல் 2021 வரை: 14.3 சதவீதம்
2017 முதல் 2022 வரை: 14.6 சதவீதம்
2018 முதல் 2023 வரை: 12.3 சதவீதம்
2019 முதல் 2024 வரை: 13.8 சதவீதம்
2020 முதல் 2025 வரை: 21.3 சதவீதம்

நடுவிலுள்ள நான்கும் 12-க்கும் 15-க்கும் இடையே அடங்குகின்றன. முதலும் கடைசியும் மட்டும் தனித்து நிற்கின்றன. அவ்விரண்டுக்கும் பொதுவானது 2020 மார்ச். முதல் வரியில் அது முடிவாக அமைந்து வருவாயை ஏறக்குறைய இல்லாததாக்கியது. கடைசி வரியில் அதுவே தொடக்கமாக அமைந்து வருவாயைப் பெருக்கிக் காட்டுகிறது. 2020-இல் முதல் வரியைக் கண்டு “பங்குச் சந்தையில் ஐந்து ஆண்டு காத்திருந்தும் பயனில்லை” என்று விலகியவரும், 2025-இல் கடைசி வரியைக் கண்டு “ஆண்டுக்கு இருபது சதவீதம் நிச்சயம்” என்று நுழைந்தவரும் ஒரே நாளின் நிழலைத்தான் கண்டனர்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த இரு வரிகளையும் அடுத்தடுத்து வைத்தால் 2015 முதல் 2025 வரையிலான முழுப் பத்தாண்டு கிடைக்கிறது. அந்தப் பத்தாண்டின் கூட்டு வளர்ச்சி ஆண்டுக்கு 10.7 சதவீதம். 1.1 என்றவரும் 21.3 என்றவரும் ஒரே பத்தாண்டை இரண்டாக முறித்து ஆளுக்கொரு பாதியைக் காட்டினர்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. ஆறு காலங்கள் என்றாலும் அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை. 2019-ஆம் ஆண்டின் ஏற்றம் அவற்றுள் பலவற்றில் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. எனவே நான்கு விடைகள் நெருங்கி வந்ததனால் அடுத்த ஐந்தாண்டும் அவ்வாறே அமையும் என்று கொள்ளலாகாது. இச்சோதனை எதிர்காலத்தைச் சொல்வதில்லை. நமக்குக் காட்டப்பட்ட எண் வழக்கமானதா, விதிவிலக்கானதா என்பதை மட்டுமே சொல்கிறது.

குறுகிய கோடு எல்லாம் ஏமாற்று அன்று

இவ்வளவும் கேட்டபின், “அப்படியானால் எப்போதும் மிகப் பழைய ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டும்” என்று ஒருவர் முடிவு செய்யலாம். அதுவும் பிழையாகலாம். நம் பகுதியே அதற்குச் சான்று.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் சித்தூர் மாவட்டத்தின் மக்கள் தொகை 41.74 லட்சம். 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டன. திருப்பதி, காளஹஸ்தி பகுதிகள் நெல்லூரின் சில பகுதிகளுடன் சேர்ந்து திருப்பதி மாவட்டமாயின. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்திற்குச் சென்றது. எஞ்சிய சித்தூர் மாவட்டத்தின் மக்கள் தொகை, அதே 2011 கணக்கின்படி, 18.7 லட்சமே.

இப்போது “சித்தூர் மாவட்டம்” என்னும் தலைப்பில் வைப்புத்தொகை, மாம்பழ விளைச்சல், வாகனப் பதிவு என எதை வேண்டுமானாலும் 2015-இலிருந்து கோடாக வரையுங்கள். 2022-இல் அது பாதாளத்தில் விழும். யாரும் பணத்தை எடுத்துவிடவில்லை. எந்த மாந்தோப்பும் வெட்டப்படவில்லை. பெயர் அதுவாகவே இருக்க, அந்தப் பெயர் குறிக்கும் நிலப்பரப்பு மாறிவிட்டது. இங்கே மறுசீரமைப்புக்குப் பின்னர் தொடங்கும் குறுகிய கோடே நேர்மையானது. நீண்ட கோடு வேண்டுமெனில், பழைய ஆண்டுகளின் எண்களையும் மண்டல வாரியாகப் பிரித்துப் புதிய எல்லைக்கேற்பக் கூட்டியாக வேண்டும்.

ஆகவே கோட்டின் நீளத்தை வைத்து அதன் நேர்மையை அளக்க இயலாது. அந்த நாளில் ஏன் தொடங்கினார்கள் என்பதற்கு, கோட்டின் வடிவத்தைச் சாராத ஒரு காரணம் இருக்கிறதா என்பதே கேள்வி. மாவட்டம் பிரிந்த நாள் என்பது அத்தகைய காரணம். கோடு அழகாக ஏறுகிறது என்பது காரணம் ஆகாது.

கையெழுத்திடுவதற்கு முன்

வரைபடம் ஒன்றை முன்வைத்து ஒரு முடிவெடுக்குமாறு யாரேனும் கேட்டால், அது எங்கள் கிளையின் மேசையாகவே இருப்பினும், முதலில் கோட்டின் இடது முனையில் விரலை வையுங்கள். அங்கே எழுதியுள்ள மாதத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஊரடங்கு, சந்தை வீழ்ச்சி, விலை உச்சம் போன்றவை அந்த மாதத்தில் நிகழ்ந்திருந்தால், அந்தக் கோட்டை அப்படியே ஏற்காதீர்கள். தொடக்க நாள் முதல் என்னும் வருவாய்க்கும் இது பொருந்தும். சந்தை வீழ்ந்து கிடந்த காலத்தில் பிறந்த திட்டம் அந்த நற்பேற்றை ஆண்டுகள் பல சென்றும் தன் கணக்கில் சுமந்துகொண்டிருக்கும்.

அடுத்ததாக, தொடக்கத்தை ஆறு மாதம் முன்னும் ஆறு மாதம் பின்னும் நகர்த்தி அதே கணக்கைக் கேளுங்கள். விடை சற்றே மாறினால் செய்தி உறுதியானது. ஏற்றம் இறக்கமாகவோ, 21 என்பது 13 ஆகவோ மாறினால், நாம் கண்டது தொடக்க நாளின் செய்தியே. திட்டத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் குறியீட்டெண்ணின் வருவாய் தரப்பட்டிருக்கும், அதையும் படியுங்கள். இரண்டும் ஒரே நாளில் தொடங்குபவை. பள்ளத்தின் பயன் இரண்டுக்கும் ஒன்றாகவே சேர்ந்திருக்கும். ஆகவே அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைத் தொடக்க நாள் அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

இறுதியாக, கோட்டின் கால அளவு உங்கள் தேவையின் கால அளவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அக்டோபரில் காய் விற்க வேண்டியவருக்கு மே முதல் ஜூலை வரையிலான கோடு உதவாது. ஐந்து ஆண்டில் பணம் வேண்டியவர் கேட்க வேண்டியது, இதற்கு முன் ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களுள் மிகக் குறைவாகப் பெற்றவருக்கு என்ன கிடைத்தது என்பதே. மேலே கண்ட ஆறு வரிகளில் அந்த விடை 1.1 சதவீதம். பத்து லட்சம் ஐந்து ஆண்டில் பத்தரை லட்சம். அந்தத் தொகையிலும் உங்கள் திட்டம் நிறைவேறுமானால் துணியலாம். நிறைவேறாதெனில், குறித்த நாளில் வேண்டிய பணத்தை வைப்பு நிதியில் ஒதுக்கிவிட்டு, காத்திருக்கக்கூடிய பணத்தை மட்டுமே சந்தைக்கு அனுப்புவது நன்று.